கியூபாவின் இரண்டு மீன்பிடிப் படகுகள்: அரசுகளின் பழக்கம் சட்டமாவது எப்படி

1898 மார்ச் 25 அன்று ஹவானா துறைமுகத்திலிருந்து ஒரு சின்னப் பாய்ப்படகு மீன்பிடிக்கப் புறப்பட்டது. பெயர் பகெத்தே ஹபானா. அடிமரத்தின் நீளம் 43 அடி, கொள்ளளவு 25 டன், தலைவரையும் சேர்த்து ஆட்கள் மூன்றே பேர். பிடிபடும் மீனில் மூன்றில் ஒரு பங்கு படகு முதலாளிக்கு, மீதி படகில் இருப்பவர்களுக்கு. கியூபாவின் மேற்குக் கரையை ஒட்டி மீன்பிடித்து, ஏறக்குறைய 40 குவிண்டால் உயிர்மீனோடு அது திரும்பி வந்துகொண்டிருந்தது. அதற்குள் அமெரிக்காவும் ஸ்பெயினும் போரில் இறங்கிவிட்டன. கியூபா ஸ்பெயினின் கையில் இருந்ததால் அமெரிக்கக் கடற்படை ஹவானாவை முற்றுகையிட்டிருந்தது. ஏப்ரல் 25 அன்று ஓர் அமெரிக்கப் போர்ப்படகு வழிமறித்து நிறுத்தும் வரை போர் நடப்பதே அந்த மூவருக்கும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து லோலா என்ற இன்னொரு மீன்பிடிப் படகும் பிடிபட்டது. இரண்டையும் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டுக்குக் கொண்டுபோய், எதிரிச் சொத்து என்று நீதிமன்றத்தில் அறிவித்து ஏலம் விட்டார்கள். பகெத்தே ஹபானா 490 டாலருக்கும் லோலா 800 டாலருக்கும் போயின.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மீன்பிடிப் படகுகளைப் பிடிக்கக்கூடாது என்று அமெரிக்காவும் ஸ்பெயினும் எந்த உடன்படிக்கையிலும் எழுதி வைக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமும் அப்படி ஒரு சட்டம் போடவில்லை. இருந்தும் 1900 ஜனவரி 8 அன்று, பிடித்தது தவறு, ஏலப் பணத்தையும் மீனின் விலையையும் இழப்பீட்டோடு திருப்பிக் கொடுங்கள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதப்படாத அந்த விதி எங்கிருந்து வந்தது?

அதைத்தான் சர்வதேச வழக்காற்றுச் சட்டம் என்கிறோம். இதற்கு இரண்டு பொருட்கள் வேண்டும். ஒன்று, அரசுகள் உண்மையில் அப்படி நடந்துகொள்வது. இன்னொன்று, சட்டம் அப்படிச் சொல்கிறது என்ற நம்பிக்கையோடு நடந்துகொள்வது. இரண்டாவதற்கு லத்தீனில் ஒப்பினியோ யூரிஸ் என்று பெயர். சர்வதேச நீதிமன்றச் சாசனத்தின் 38ஆம் பிரிவும் வழக்காற்றை, "சட்டமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பொது நடைமுறை" என்ற பொருளில்தான் சொல்கிறது. இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு குறிப்பிட்ட விதியை எடுத்து, "இது வழக்காறு ஆகிவிட்டதா, நிரூபி" என்றால்தான் கை நடுங்கும். அந்த நிரூபிக்கும் வேலையை, இந்தப் படகுகளையே கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: விதியைச் சரியான அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்

பாதி வாதங்கள் தோற்பது இங்கேதான். "போரில் பொதுமக்கள் சொத்தைத் தொடக்கூடாது" என்று ஆரம்பித்தால் அந்தக் காலத்து வழக்கில் முதல் நிமிடமே தோல்வி. எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைக் கடலில் பிடிப்பது அப்போது சட்டப்படியே நடந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹொரேஸ் கிரே அதைவிடச் சின்ன விதியைத்தான் தேடினார். கரையோர மீன்பிடிப் படகு, ஆயுதம் இல்லாதது, பிழைப்புக்காக மீன் பிடிப்பது, எதிரிக்கு உளவோ உதவியோ செய்யாதது. இப்படிப்பட்ட படகையும் அதன் வலையையும் மீனையும் ஆட்களையும் பிடிக்கக்கூடாது. அவ்வளவுதான்.

இப்படிச் சுருக்கினால் ஆதாரம் தேட வசதி, அது மட்டும் இல்லை. விதி எங்கே நிற்கிறது என்பதும் கூடவே தெளிவாகிறது. இராமேஸ்வரம் மீனவர்கள் கைதாகும்போது சிலர் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவதுண்டு. அந்தக் கவலை நியாயமானது, ஆனால் இந்த விதி அங்கே உதவாது. இது போரில் எதிரிப் படகைப் பிடிப்பது பற்றியது. சமாதான காலத்தில் கடல் எல்லையைத் தாண்டியதாகச் சொல்லிக் கைது செய்வது வேறு கேள்வி, அதற்கு வேறு சட்டம்.

இரண்டாம் படி: நடைமுறையைச் சேகரியுங்கள்

கிரே ஐந்நூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினார். 1403இலும் 1406இலும் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றி, பிரெஞ்சு மீனவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று தன் அதிகாரிகளுக்கு ஆணையிட்டிருக்கிறார். 1521இல் பேரரசர் ஐந்தாம் சார்லசும் பிரான்சின் முதலாம் பிரான்சிசும் ஹெர்ரிங் மீன் பருவத்துக்காக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். போர் நடந்தாலும் இரு தரப்பு மீனவரும் பயமில்லாமல் கடலுக்குப் போகலாம். 1779இல் பதினாறாம் லூயி தன் கடற்படைத் தளபதிக்கு எழுதிய கடிதத்தில், வேறு பிழைப்பு இல்லாத ஆங்கிலேய மீனவர்களை விட்டுவிடச் சொல்கிறார், ஆயுதம் வைத்திருந்தாலோ எதிரிக்குச் சைகை காட்டினாலோ தவிர. 1785இல் அமெரிக்கா பிரஷ்யாவோடு செய்த உடன்படிக்கையிலும் இதே விஷயம் இருக்கிறது. 1846இல் மெக்சிகோவோடு போர் நடந்தபோது அமெரிக்கக் கடற்படை மெக்சிகோ மீனவர்களை விட்டுவைத்தது. 1894இல் சீனாவோடு போரிட்ட ஜப்பான், கரையோர மீன்பிடிப் படகுகளுக்கு விலக்கு உண்டு என்று தன் ஆணையிலேயே எழுதியது.

இந்தப் பட்டியலில் என்ன வகை ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள். ராஜாவின் ஆணை, தளபதிக்குப் போன கடிதம், உடன்படிக்கை, போர்க்களத்தில் உண்மையில் நடந்தது. இன்றைக்கும் தேட வேண்டிய இடங்கள் இவைதான்: நாட்டின் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், ராணுவக் கையேடுகள், வெளியுறவுத் துறைக் கடிதங்கள், ஐ.நா. சபையில் பேசியதும் வாக்களித்ததும். அரசு என்றால் வெளியுறவு அமைச்சர் மட்டும் இல்லை. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் கடற்படை அதிகாரியும் பதவியின் பேரில் செய்வதெல்லாம் அரசின் நடைமுறைதான். தொண்டு நிறுவனத்தின் அறிக்கையோ பேராசிரியரின் கட்டுரையோ நடைமுறை ஆகாது. நடைமுறை எங்கே கிடைக்கும் என்று அவை வழி காட்டலாம்.

யாருடைய நடைமுறை என்பதையும் கவனிக்க வேண்டும். உலகத்தில் உள்ள எல்லா நாடும் செய்திருக்க வேண்டியதில்லை. அந்த விஷயத்தில் நேரடியாகப் பாதிக்கப்படும் நாடுகள் கட்டாயம் கணக்கில் வர வேண்டும். கடற்போர் விதி என்றால் கடற்படையும் மீனவரும் உள்ள நாடுகள் என்ன செய்தன என்பதைப் பார்க்காமல் முடிவுக்கு வரமுடியாது.

மூன்றாம் படி: மீறல்களை ஒளிக்காமல் எடுத்து வையுங்கள்

கிரேயின் வரலாறு ஒழுங்கான நேர்கோடு இல்லை. நடுவில் பெரிய உடைப்பு ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிப் போர்களின்போது, 1798 ஜனவரியில், பிரெஞ்சு, டச்சு மீன்பிடிப் படகுகளைப் பிடிக்கும்படி பிரிட்டன் ஆணையிட்டது. 1800இல் அதைத் திரும்பப் பெற்றது. 1801இல் மறுபடி பிடிக்கச் சொன்னது. அப்புறம் அதையும் கைவிட்டது.

இப்படி ஒரு மீறல் வந்தால் உடனே "விதி செத்தது" என்று எழுதிவிடக் கூடாது. மீறிய நாடு என்ன காரணம் சொன்னது என்று கேட்க வேண்டும். 1801இல் பிரிட்டன் சொன்ன காரணம், பிரெஞ்சு அரசு மீனவர்களையும் படகுகளையும் கடற்படை வேலைக்குப் பயன்படுத்துகிறது என்பது. அதாவது விலக்கு இல்லவே இல்லை என்று பிரிட்டன் சொல்லவில்லை. இந்தப் படகுகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றுதான் சொன்னது. நெப்போலியனும் அதை நாகரிக நாடுகளின் வழக்கத்துக்கு விரோதமானது என்று கண்டித்தார். ஒரு பக்கம் சாக்கு, இன்னொரு பக்கம் கண்டனம். இரண்டுமே ஒரு விதி இருக்கிறது என்பதை வைத்துத்தான் பேசுகின்றன.

1986இல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இதையே பொது அளவுகோலாக வைத்தது. நடைமுறை நூற்றுக்கு நூறு ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. விதிக்கு மாறாக நடந்தவை மீறலாகவே நடத்தப்பட்டிருக்க வேண்டும், புது விதிக்கான அறிகுறியாக அல்ல. மீறிய நாடு அந்த விதியிலேயே உள்ள விலக்கைக் காட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டால், விதி பலவீனப்படுவதற்குப் பதில் உறுதியாகிறது. ஆகவே மீறல்களை மறைப்பவர் தன் கையில் இருக்கும் நல்ல ஆதாரத்தைத்தான் தூக்கிப் போடுகிறார்.

நான்காம் படி: ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள்

கடினமான படி இதுதான். படகை விட்டுவிட்டதை ஆவணத்தில் பார்க்கலாம். எந்த மனநிலையில் விட்டார்கள் என்பதை எப்படிப் பார்ப்பது? இரக்கத்தால் விட்டிருக்கலாம். தன் மீனவர்களையும் எதிரி விட்டுவைக்கட்டும் என்ற கணக்கில் விட்டிருக்கலாம். இவை நடைமுறைதான், ஆனால் சட்டம் இல்லை. வெளிநாட்டுத் தூதர் வந்தால் விமான நிலையத்தில் பூங்கொத்து கொடுக்கிறார்கள். எத்தனை வருடம் கொடுத்தாலும், கொடுக்காத நாள் சட்டமீறல் ஆகிவிடாது.

இந்தக் கேள்விக்கு நேரான ஆதாரம் 1798இலேயே இருக்கிறது. அந்த ஆண்டு ஒரு டச்சு மீன்பிடிப் படகின் வழக்கில் பிரிட்டிஷ் நீதிபதி சர் வில்லியம் ஸ்காட், பழைய போர்களில் மீன்பிடிப் படகுகளைப் பிடிக்காமல் விட்டது நாடுகளுக்கு இடையேயான நல்லெண்ணம் மட்டுமே, நீதிமன்றம் அமல்படுத்த வேண்டிய விதி அல்ல என்றார். நடைமுறை இருந்தது, ஒப்பினியோ யூரிஸ் இல்லை. அதனால் படகு போச்சு.

நூற்றிரண்டு ஆண்டு கழித்து கிரே இந்தத் தீர்ப்பைச் சுற்றிப் போகாமல் நேராக எதிர்கொண்டார். ஆரம்பத்தில் அது வழக்கமாக, மரியாதையாக, சலுகையாக இருந்திருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு ஓடிய நூறு ஆண்டு அதை நாடுகளின் பொதுச் சம்மதத்தால் நிலையான சட்டமாக வளர்க்கத் தாராளமாகப் போதும் என்றார். தலைமை நீதிபதி ஃபுல்லரும் மேலும் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் கருணைச் செயல்தான், செய்வதும் செய்யாததும் அரசின் விருப்பம் என்பது அவர்கள் வாதம். ஒன்பது பேரில் ஆறு பேர் கிரே பக்கம். 1907இல் ஹேக் மாநாட்டின் பதினோராவது உடன்படிக்கை அந்த விலக்கை எழுத்திலேயே வைத்தது.

ஃபுல்லரின் எதிர்ப்பைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கிரே காட்டிய பல ஆணைகளில் "சட்டப்படி விடுகிறோம்" என்ற வார்த்தை கிடையாது. லூயியின் கடிதத்தில் போரின் கொடுமையைக் குறைக்கும் ஆசைதான் தெரிகிறது. நம்பிக்கையை நேரடியாகக் காட்டும் சான்று குறைவாக இருக்கும்போது, நீண்ட நாள் ஒரே சீராக நடந்ததை வைத்தே அதை ஊகிப்பது நீதிபதிகள் செய்யும் வேலை. செய்யலாம். ஆனால் ஊகம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

நம்பிக்கையைக் கிட்ட நின்று பார்க்க நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. டாமன் அப்போது போர்ச்சுகல் வசம். உள்நாட்டில், சுற்றிலும் இந்திய நிலம் சூழ, தாத்ரா, நாகர் ஹவேலி என்ற துண்டு நிலங்களும் அவர்கள் கையில். டாமனிலிருந்து அங்கே போக இந்திய மண்ணைக் கடந்தாக வேண்டும். 1954இல் அங்கே போர்ச்சுகல் ஆட்சி தூக்கியெறியப்பட்டது, இந்தியா வழியை மூடியது. போர்ச்சுகல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் 12 அன்று வந்த தீர்ப்பு, ஒரே பாதையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. சாதாரண மக்களும் சிவில் அதிகாரிகளும் சரக்கும் 125 ஆண்டுக்கு மேலாக, பிரிட்டிஷ் காலத்திலும் அதற்குப் பிறகும், தடையில்லாமல் போய்வந்திருக்கிறார்கள். அது உரிமையும் கடமையும் ஆகிவிட்டது. படையும் ஆயுதப் போலீசும் ஆயுதமும் கூட அதே பாதையில் போயிருக்கின்றன. ஆனால் அவை ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்கிப் போயின.

அனுமதி கேட்டதுதான் இங்கே சாட்சி. உரிமை உள்ளவன் அனுமதி கேட்கமாட்டான். போனது எத்தனை தடவை என்ற எண்ணிக்கை இரண்டு பக்கமும் இருக்கலாம், அனுமதிக் கடிதம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஆகவே ஆவணங்களைப் படிக்கும்போது நடந்ததை மட்டும் குறிக்காமல், அதைச் சுற்றிப் பேசிய பேச்சையும் குறித்துக்கொள்ளுங்கள். "அனுமதி கோருகிறோம்", "அனுமதிக்கிறோம்", "இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது" என்ற சொற்கள் சலுகையைக் காட்டுகின்றன. "கடமைப்பட்டுள்ளோம்", "சட்டத்துக்கு விரோதம்" என்பவை வேறு பக்கம் இழுக்கின்றன. இந்தியா அந்த வழக்கில் இரண்டே நாடுகளுக்குள் வழக்காறு உருவாகாது என்றும் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஐந்தாம் படி: உடன்படிக்கையின் நிழலைக் கழித்துப் பாருங்கள்

ஒரு நாடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டதால் ஒன்றைச் செய்தால், உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டுச் செய்கிறது. அதை வழக்காற்றுக்குச் சான்றாக எண்ணினால் ஒரே காசை இரண்டு முறை எண்ணுவது போல. டென்மார்க்கும் நெதர்லாந்தும் இதில்தான் தோற்றன.

வட கடலின் அடியில் உள்ள கண்டத்திட்டை அண்டை நாடுகள் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு கரைகளிலிருந்தும் சமதூரத்தில் கோடு போடு என்பது 1958 ஜெனீவா உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு. மேற்கு ஜெர்மனியின் கரை நடுவில் உள்வாங்கி வளைந்திருக்கிறது. அதனால் இரண்டு பக்கத்துச் சமதூரக் கோடுகளும் அதன் முன்னால் சாய்ந்து ஒன்றையொன்று சந்தித்து, ஜெர்மனிக்குச் சின்ன முக்கோணத்தை மட்டும் விட்டுவிடும். ஜெர்மனி அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தது, ஆனால் ஏற்புறுதி தரவில்லை. ஆகவே உடன்படிக்கை அதைக் கட்டாது. சமதூரம் இப்போது வழக்காறே ஆகிவிட்டது, அதனால் எல்லோரையும் கட்டும் என்றன மற்ற இரண்டும்.

1969 பிப்ரவரி 20 அன்று சர்வதேச நீதிமன்றம் 11க்கு 6 என்ற கணக்கில் மறுத்தது. உடன்படிக்கை அமலுக்கு வந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. காலம் குறைவு என்பது மட்டும் தடை இல்லை என்று நீதிமன்றமே சொன்னது. ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் நடைமுறை பரவலாகவும் ஏறக்குறைய ஒரே சீராகவும் இருந்திருக்க வேண்டும், நேரடியாகப் பாதிக்கப்படும் நாடுகளும் அதில் இருக்க வேண்டும். சமதூரக் கோடு போட்டதற்கு ஏறக்குறைய பதினைந்து உதாரணங்கள் காட்டப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேற்பட்ட நாடுகள் அந்த உடன்படிக்கையில் ஏற்கெனவே சேர்ந்தவை, அல்லது சேரப்போனவை. அவர்கள் உடன்படிக்கையைத்தான் செயல்படுத்தினார்கள். மற்றவர்கள் அந்தக் கோட்டை வசதி என்று போட்டார்களா, கடமை என்று போட்டார்களா என்பதற்கு எதுவுமே இல்லை. தவிர, 6ஆம் பிரிவை ஏற்காமல் விலக்கு வைத்துக்கொள்ள அந்த உடன்படிக்கையே அனுமதித்தது. விலகிக்கொள்ள வழிவிட்ட பிரிவை எல்லோர் மேலும் விழும் சட்டம் என்று சொல்வது கஷ்டம்.

வழக்காறு உருவாகிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாடு திரும்பத் திரும்ப, வெளிப்படையாக எதிர்த்திருந்தால் அது அந்த நாட்டைக் கட்டாது என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். விதி நிலைபெற்ற பிறகு எதிர்த்தால் பலன் இல்லை.

இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும்

பாலாற்றங்கரைக்காரர்களுக்கு நெருக்கமான வழக்கு ஒன்றில் இதைப் பார்க்கலாம். வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் 35,000 ஹெக்டேருக்கு அருகான விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற கணக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னால் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிமன்றம் ஆலைகளைப் பொறுப்பாக்கியது. அந்தத் தீர்ப்பு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், அந்த நிலத்துக்கு அது கிடைத்திருக்க வேண்டியதே.

ஆனால் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். நிலைத்த வளர்ச்சி என்பது சர்வதேச வழக்காற்றுச் சட்டமாகிவிட்டது என்றார்கள். அதன் கூறுகளாக, ஆபத்து உறுதியாகத் தெரியும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் எடுத்துக்கொண்டார்கள். காட்டிய சான்று, சுற்றுச்சூழல் பற்றி ஐ.நா. நடத்திய 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு, ஐ.நா. அமைத்த பிரண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை, 1992 ரியோ மாநாடு. எந்த நாடு எந்தச் சட்டத்தில் எந்தக் கடமை உணர்வோடு இப்படி நடந்தது என்ற தேடல் இல்லை. நிலைத்த வளர்ச்சியின் முக்கியக் கூறுகள் இன்னும் முடிவாகவில்லை என்று தீர்ப்பே ஒத்துக்கொள்கிறது. முதல் படியே முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். மூன்று பேர் போன மீன்பிடிப் படகுக்காக கிரே ஐந்நூறு ஆண்டைப் புரட்டியது எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

அந்த நிலத்தைக் காப்பாற்ற இந்த வழி தேவையாகவும் இல்லை. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவும் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டமும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதே தீர்ப்பில் இருக்கின்றன. வழக்காறு என்று சொன்ன பகுதிதான் இன்னொரு நாட்டின் நீதிமன்றத்தில் எடுத்து வைத்தால் நிற்காது. பதினைந்து ஆண்டு கழித்து, 2011இல், சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயத்தின் கடற்படுகைப் பிரிவு இதே முன்னெச்சரிக்கைக் கொள்கையைப் பரிசீலித்தது. எத்தனையோ உடன்படிக்கைகளில் அது இடம்பிடித்ததைப் பார்த்துவிட்டு, அதை வழக்காற்றின் பகுதியாக்கும் போக்கு தொடங்கியிருக்கிறது என்ற அளவோடு அந்த நீதிபதிகள் நிறுத்திக்கொண்டார்கள்.